சேர்த்து உண்ணலாகாத இரு குளிசைகள்

குருதியமுக்கம் மிகுந்தவர்க்கு வைத்தியர் எழுதிக்கொடுக்கும் குளிசைகளுள் இரண்டு வகுப்புகள் இந்நாட்டிற் பெரிதும் வழங்குகின்றன. எனலப்பிரில், லிசினோப்பிரில், ராமிப்பிரில் எனப் ‘பிரில்’ என்று முடியும் பெயருடையவை ஒரு வகுப்பு. லொசார்ட்டன், தெல்மிசார்ட்டன் எனச் ‘சார்ட்டன்’ என்று முடிபவை மற்றொன்று. தனித்தனியே பார்க்கின் இரண்டும் நல்ல மருந்துகளே. ஆயின் ஒருவருக்கே இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதை வைத்தியர்கள் இன்று பொதுவாகத் தவிர்க்கின்றனர். அதன் காரணத்தை அறியச் சிறுநீரகத்திலிருந்து தொடங்குதல் வேண்டும்.

சிறுநீரகத்துக்கு வரும் குருதி குறைந்தால் அது இரெனின் என்னும் பொருளைச் சுரக்கிறது. ஈரல் உண்டாக்கும் ஒரு புரதத்தை இரெனின் வெட்டுகிறது. அவ்வாறு வெட்டப்பட்ட துண்டை, பெரும்பாலும் நுரையீரலில் உள்ள ஒரு நொதியம் மீண்டும் வெட்டி, அஞ்சியோதென்சின் இரண்டு என்னும் வலிய பொருளாக்குகிறது. இப்பொருள் நாடிகளைச் சுருக்கும். உப்பையும் நீரையும் உடலில் நிறுத்தி, பொற்றாசியத்தைச் சிறுநீரோடு வெளியேற்றும் அல்தொசுத்தரோன் என்னும் ஓமோனையும் தூண்டும். பிரில் மருந்து அந்த நொதியத்தைத் தடுக்கிறது. சார்ட்டன் மருந்தோ, அஞ்சியோதென்சின் சென்று பற்றும் இடத்தை அடைத்துவிடுகிறது.

நொதியத்தைத் தடுத்தாலும் வேறு வழியாகச் சிறிதளவு அஞ்சியோதென்சின் உண்டாகத்தான் செய்கிறது. ஆகவே அது பற்றும் இடத்தையும் அடைத்துவிட்டால் நன்மை இரட்டிக்கும் என ஒரு காலத்தில் நிபுணர்கள் எண்ணினர். எண்ணம் தர்க்கத்துக்கு ஒத்ததே. ஆனால் உடல் தர்க்கத்துக்கு மட்டும் கட்டுப்பட்டதன்று.

2008-இல் வெளியான ஒன்ராகெட் ஆராய்ச்சியில் 25,000-க்கும் மேற்பட்டோர் சேர்க்கப்பட்டனர். ஒரு சாரார் ராமிப்பிரிலும், ஒரு சாரார் தெல்மிசார்ட்டனும், மூன்றாஞ் சாரார் இரண்டும் பெற்றனர். மாரடைப்பு, பக்கவாதம், இதயத் தளர்ச்சியால் வைத்தியசாலையில் அனுமதி, இதயநோயால் மரணம் ஆகியவற்றுள் ஏதேனும் நேர்ந்தவர்கள் மூன்று சாராரிலும் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினாறு, பதினேழு பேராகவே இருந்தனர். இரண்டு மருந்தால் வந்த ஆதாயம் இல்லை. சிறுநீரகச் செயற்குறைவோ, ராமிப்பிரில் மட்டும் உண்டவரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும், இரண்டும் உண்டவரில் பதின்மூன்றுக்கு மேற்பட்டோருக்கும் ஏற்பட்டது. நீரிழிவால் சிறுநீரகம் கெட்டோருக்காவது இந்தச் சேர்க்கை உதவுமா எனப் பார்த்த வேறோர் ஆராய்ச்சி, தீங்கு மிகுந்தமையால் 2012-இல் இடைநடுவே நிறுத்தப்பட்டது.

தீங்கு எவ்வாறு விளைகிறது? சிறுநீரகத்தின் வடிகட்டும் முடிச்சு ஒவ்வொன்றிலும் குருதி ஒரு சிறுநாடியால் உட்புகுந்து மற்றொரு சிறுநாடியால் வெளியேறுகிறது. உடலில் நீர் குறைந்த வேளையில் அஞ்சியோதென்சின் இவ்வெளிவாயிலை இறுக்கி, முடிச்சினுள் வேண்டிய அமுக்கத்தைக் காக்கிறது. இரண்டு மருந்தும் சேர்ந்து இக்காவலை முற்றாக நீக்கிவிட்டால், அமுக்கம் விழுந்து வடிகட்டல் தளர்கிறது. அல்தொசுத்தரோனும் குறைவதால் பொற்றாசியம் குருதியில் தேங்குகிறது.

அறுபத்திரண்டு வயதான நீரிழிவு நோயாளர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். அரசாங்க வைத்தியசாலைக் கிளினிக்கில் அவருக்கு எனலப்பிரில் கொடுக்கப்பட்டு வருகிறது. பின்னர் தனியார் வைத்தியர் ஒருவரிடம் சென்றவர் பழைய அட்டையைக் காட்ட மறந்துவிட, அவர் லொசார்ட்டன் எழுதிக்கொடுக்கிறார். சில வாரங்கள் கேடொன்றும் தோன்றவில்லை. பின் மூன்று நாள் வயிற்றோட்டம் வருகிறது. நோயாளர் குளிசைகளை விடாமல் உண்கிறார். எழுந்து நிற்கையில் தலை சுற்றுகிறது, சிறுநீர் குறைகிறது, கால்கள் சோர்கின்றன. குருதியைச் சோதித்தபோது, முன்பு 1.1 ஆக இருந்த கிரியற்றினின் 2.6 ஆகவும், 5-க்கு மேற்படலாகாத பொற்றாசியம் 6.3 ஆகவும் இருக்கின்றன. பொற்றாசியம் இவ்வளவு உயர்ந்தால் இதயத்துடிப்பே ஒழுங்கு தவறலாம். ஆதலின் உடனே இதயமின்வரைபு எடுக்கின்றனர். இரு குளிசைகளையும் நிறுத்தி, நாளத்தினூடே சேலைன் ஏற்றி, பொற்றாசியத்தைக் குறைக்கும் சிகிச்சையும் செய்கின்றனர். சில நாட்களில் அளவுகள் இறங்குகின்றன. பின்னர் இரண்டில் ஒன்றை மட்டும் சிறிய அளவில் தொடங்கி, ஓரிரு வாரத்தில் மீண்டும் குருதியைச் சோதிக்கின்றனர். அது போதாவிடின், அம்லோடிப்பின் போன்ற வேறு வகுப்பு மருந்தொன்றைச் சேர்ப்பர்.

பொற்றாசிய உயர்வு பெரும்பாலும் அறிகுறி காட்டாமலே வளர்வதால், உடல் நன்றாயிருக்கிறது என்பதை மட்டும் கொண்டு இதனை அறிய இயலாது, சோதனையே காட்டும். பிரில் குளிசையால் வறட்டிருமல் வந்தவர்க்கு அதை நிறுத்தியே சார்ட்டன் கொடுப்பது வழக்கம். புதிய பெட்டி வந்தபின் பழைய பெட்டியும் வீட்டில் இருப்பின், அவற்றின் பெயர் முடிவுகளைப் படித்துப் பார்க்கலாம். இரண்டு வகுப்பும் இருக்கக் கண்டால், தாமே இரண்டையும் எறிந்துவிடாமல், இரு பெட்டிகளையும் எடுத்துக்கொண்டு தாமதமின்றி வைத்தியரிடமோ மருந்தாளரிடமோ செல்வதே தக்கது.