பாடநூலின் மெய்யான விலை

எமது பாடசாலையில் உயர்தரம் பயின்று, ஐக்கிய அமெரிக்காவிலுள்ள கல்லூரியொன்றுக்குச் சென்ற மாணவன் ஒருவன் சில காலத்துக்கு முன் எனக்குக் கடிதம் எழுதியிருந்தான். “ஐயா, முதல் தவணையிலே பொருளியல் நூலொன்றை 160 டொலர் கொடுத்துப் புதிதாக வாங்கினேன். தவணை முடிந்ததும் அதனை விற்க அதே கடைக்குக் கொண்டு சென்றேன். புதிய பதிப்பு வருகின்றது, ஆகையால் இதற்கு 20 டொலர்தான் தரலாம் என்றார்கள். அடுத்த தவணைக்கு நான்கு நூல்கள் வேண்டும். அவற்றை வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா, நூலகத்தில் இரவல் பெறுவதா?” என்பது அவன் கேள்வி.

நம் நாட்டிலே 11ஆம் வகுப்பு வரை அரசாங்கம் பாடநூல்களை இலவசமாகத் தருகின்றது. அதனால் பாடநூலுக்குக் கணக்குப் பார்க்கும் பழக்கம் நம் பிள்ளைகளுக்கு ஏற்படுவதில்லை. அவனோ, அங்கு மாணவர் விசாவில் இருப்பவன். தவணைக் காலத்திலே கல்லூரி வளவுக்குள் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்ய அவனுக்கு அனுமதியில்லை. மணிக்கு 12 டொலர் கூலி பெறும் அவனுக்கு, இழந்த 140 டொலர் ஏறக்குறைய 12 மணி நேர உழைப்பாகும். ஆகவே இக்கேள்விக்குப் பொறுப்போடு விடை தேடினேன். பிள்ளைகளை அந்நாட்டுக்கு அனுப்பியுள்ள பெற்றோருக்கும் பயன்படும் என்பதால், அவ்விடையை இன்று உங்கள் முன் வைக்கின்றேன்.

ஒரு பாடநூலின் மெய்யான விலை அதன் அட்டையிலே அச்சிடப்பட்ட விலை அன்று. நாம் கொடுக்கும் பணத்துக்கும், படித்து முடித்தபின் நம் கைக்குத் திரும்பிவரும் பணத்துக்கும் இடையிலுள்ள வேறுபாடே மெய்யான விலை. இதை மனத்திற் கொண்டால் மற்றவை எளிதாகும்.

அமெரிக்கக் கல்லூரிப் புத்தகசாலைகளிலே நெடுங்காலமாக ஒரு வழக்கம் உண்டு. பழைய பிரதியைப் புதிய விலையின் முக்காற்பங்குக்கு விற்பார்கள். தவணை முடிவில், அதே நூல் அடுத்த தவணைக்கும் பாடமாக வைக்கப்பட்டிருந்தால், புதிய விலையின் பாதிக்குத் திரும்ப வாங்குவார்கள். பாடமாக வைக்கப்படவில்லையென்றாலோ, கடைக்குத் தேவையான பிரதிகள் சேர்ந்துவிட்டாலோ, மொத்த வியாபாரி தரும் சொற்ப விலைதான் கிடைக்கும். பரீட்சை முடிந்த அன்றே விற்றவனுக்குப் பாதி விலையும், மூன்று நாள் கழித்துச் சென்ற தோழனுக்குச் சில டொலர்களும் கிடைப்பது இதனாலேதான்.

மாணவனுடைய நூலையே எடுத்துக்கொள்வோம். புதிது 160 டொலர். பழையது 120 டொலர். ஒரு தவணைக்கு வாடகை 60 டொலர். கடை திரும்ப வாங்கினால் 80 டொலர் தரும். இங்கே கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. புதிதாக வாங்கிய பிரதிக்கும் பழையதாக வாங்கிய பிரதிக்கும் கடை தருவது அதே 80 டொலர்தான். ஆகவே நன்றாக விற்க முடிந்தால், புதிதாக வாங்கியவனுக்கு மெய்யான விலை 80. பழையதாக வாங்கியவனுக்கு 40. வாடகைக்கு எடுத்தவனுக்கு 60. பழைய பிரதியை வாங்கி விற்பதே இங்கு மலிவு.

ஆயின் புதிய பதிப்பு வந்து 20 டொலர்தான் கிடைக்கிறதென்றால், பழைய பிரதியை வாங்கியவனுக்கும் மெய்யான விலை 100 டொலராகிவிடும். அப்போது 60 டொலர் வாடகையே மலிவு. ஆகவே எல்லாம், நூல் நல்ல விலைக்குத் திரும்ப விலைபோகும் என்ற நம்பிக்கை எவ்வளவு என்பதிலே தங்கியிருக்கின்றது. மூன்று முறை இவ்வாறு வாங்கினால் இரண்டு முறை 40 டொலரும் ஒரு முறை 100 டொலரும் செலவாகின்றதென்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 180, சராசரி 60. அது வாடகைக்குச் சமம். எனவே இந்த விலைகளுக்கு விதி இதுதான்: மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நம்பிக்கை இருந்தால் பழைய பிரதியை வாங்கு, அதற்குக் குறைந்தால் வாடகைக்கு எடு. வாடகை கூடிக் குறைந்தால் இந்த எல்லையும் மாறும்; கணக்குச் செய்யும் முறை மாறாது.

அந்த நம்பிக்கையை எங்கே அளப்பது? நூலின் தலைப்புப் பக்கத்தைத் திருப்பினால், அதன் பின்புறத்திலே பதிப்புரிமை ஆண்டும், பெரும்பாலும் முந்திய பதிப்புகளின் ஆண்டுகளும் இருக்கும். எங்கள் தலைமுறையிலே பொருளியல் படித்தவர்கள் போல் சாமுவேல்சனின் நூலை அறிவார்கள். அதன் முதற் பதிப்பு 1948இல் வந்தது. பின்னர் 1951, 1955, 1958, 1961, 1964, 1967, 1970 என்று பெரும்பாலும் மூன்றாண்டுக்கு ஒரு பதிப்பாக வந்துகொண்டிருந்தது. இன்று உலகெங்கும் உயிரியல் மாணவர் பயன்படுத்தும் கம்பெலின் நூலும் 1987இல் தொடங்கி ஏறக்குறைய மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டு வந்துள்ளது. பொருளியல் மூன்றாண்டிலே தலைகீழாய் மாறுவதில்லை. பழைய பிரதிகள் கைமாறத் தொடங்கியதும் புதிய பிரதிகளின் விற்பனை குறைந்துவிடும் என்பதும் இவ்வேகத்துக்கு ஒரு காரணமாகும்.

ஆகவே கையிலிருக்கும் பதிப்பு முதலாம் ஆண்டிலோ இரண்டாம் ஆண்டிலோ இருந்தால் நம்பிக்கை மிகுதி. மூன்றாம் ஆண்டைத் தொட்டுவிட்டால் குறைவு. அச்சிட்ட ஆண்டைவிட நூல் சில மாதங்கள் முன்னதாகவே கடைக்கு வருவதும் உண்டு. அதனையும் சேர்த்து எண்ணவேண்டும். இதன் பின்னர், “அடுத்த தவணைக்கும் இதே நூலைத்தானா வைத்திருக்கிறீர்கள்?” என்று விரிவுரையாளரிடம் கேட்டுவிடவேண்டும். 2008இல் அந்நாட்டிலே இயற்றப்பட்ட உயர்கல்விச் சட்டத்தின்படி, நூலின் விலையையும், முந்திய மூன்று பதிப்புகளின் ஆண்டுகளையும், செய்யப்பட்ட முக்கிய மாற்றங்களையும் வெளியீட்டாளர் விரிவுரையாளருக்குத் தெரிவிக்கவேண்டும். ஆகவே கேள்விக்கு விடை சொல்லக்கூடியவர் அவரே.

எம் மாணவன் கடிதத்தோடு தன் நூலின் பதிப்புரிமைப் பக்கத்தைப் படம்பிடித்து அனுப்பியிருந்தான். பார்த்தேன், அது மூன்றாம் ஆண்டில் இருந்த பதிப்பு. அவன் ஒரு நிமிடம் அப்பக்கத்தைப் பார்த்திருந்தால் வாடகைக்கு எடுத்திருப்பான்.

இனி, பதிப்பு மாறுவதால் விற்பவனுக்கு வரும் நட்டமே வாங்குபவனுக்கு இலாபமாகவும் அமையும். புதிய பதிப்பு வந்த மறுமாதம் பழைய பதிப்பு 15 டொலருக்குக் கிடைக்கலாம். அதனைத் திரும்ப விற்கவே முடியாவிட்டாலும் மெய்யான விலை 15தான். ஆனால் அதனை வாங்குமுன் செய்யவேண்டிய வேலை ஒன்றுண்டு. அங்குள்ள கல்லூரி நூலகங்கள் பலவற்றில் பாடநூலின் ஒரு பிரதியை ஒதுக்கி வைத்து, இரண்டு மணி நேரத்துக்கென்று இரவல் தருவார்கள். புதிய பதிப்பை அவ்வாறு பெற்று, பழையதன் பொருளடக்கத்தோடு ஒப்பிடவேண்டும். பெரும்பாலும் அத்தியாயங்கள் அவ்வாறே இருக்கும். அத்தியாய முடிவிலுள்ள பயிற்சி வினாக்களின் இலக்கங்கள்தான் மாறியிருக்கும். வாரந்தோறும் அவ்வினாக்களைப் பார்த்து எழுதிக்கொள்ள நூலகப் பிரதி போதும். புள்ளிவிவரங்களே உயிராக உள்ள பாடத்துக்கும், வரிச் சட்டம் போன்ற ஆண்டுதோறும் மாறும் பாடத்துக்கும் இவ்வழி உதவாது.

இக்கணக்கைக் கெடுக்கும் பொருள்கள் இரண்டினைச் சொல்லவேண்டும். ஒன்று, நூலோடு வரும் இணைய அனுமதி இலக்கம். வீட்டுப் பயிற்சிகளை அதன் வழியாகவே சமர்ப்பிக்கவேண்டுமென்று சில விரிவுரையாளர்கள் விதிப்பார்கள். ஒருவர் ஒருமுறை பயன்படுத்தினால் அவ்விலக்கம் செத்துவிடும். ஆகையாற் பழைய நூலோடு அது வராது. 120 டொலருக்குப் பழைய நூலையும் வாங்கி, 90 டொலருக்கு இலக்கத்தையும் தனியே வாங்கினால், 160 டொலருக்கு இரண்டும் சேர்ந்த புதிய நூலே மலிவாகிவிடும். எனவே நூலை வாங்குமுன் இலக்கம் தேவையா என்று கேட்கவேண்டும். மற்றொன்று, கட்டப்படாத தனித்தாள்களாக மலிவு விலைக்கு விற்கப்படும் நூல். ஒரு தாள் தொலைந்திருந்தாலும் தெரியாதாகையால், கடைகள் அதனைத் திரும்ப வாங்க விரும்புவதில்லை. அதன் மெய்யான விலை கொடுத்த விலை முழுவதுமே.

வாடகைக்கு எடுப்பவன் திருப்பிக் கொடுக்கும் நாளை முதல் நாளே குறித்து வைக்கவேண்டும். நாள் தவறினால், சில இடங்களில் நூலின் முழு விலையையும் அறவிடுவார்கள். ஓரிரு வரிகளுக்குக் கோடிடுவதைப் பொறுப்பார்கள். நீர்க்கறை பட்ட நூலைப் பொறுக்கமாட்டார்கள். இரண்டு தவணை தொடரும் பாடமென்றால் வாடகையும் இரு மடங்காகும் என்பதை மறத்தலாகாது.

இவற்றையெல்லாம் எழுதி அனுப்பினேன். “தம்பி, நான்கு நூலுக்கும் ஒரே விடை இல்லை, ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்” என்று முடித்தேன். தவணை முடிந்தபின் அவனிடமிருந்து பதில் வந்தது. புள்ளிவிவரவியல் நூல் முதலாண்டுப் பதிப்பு. அத்தோடு இரண்டு தவணைக்கும் வேண்டியது. அதனைப் பழைய பிரதியாக வாங்கியிருந்தான். உளவியல் நூல் மூன்றாமாண்டுப் பதிப்பு. அதனை வாடகைக்கு எடுத்திருந்தான். வரலாற்று நூலின் முந்திய பதிப்பை 12 டொலருக்குப் பெற்று, இரண்டு அத்தியாயங்களை மட்டும் நூலகத்தில் ஒப்பிட்டுக்கொண்டான். ஆங்கில இலக்கியத்துக்கு வேண்டிய நாவலை எந்தப் பதிப்பிலும் படிக்கலாமாகையால், நூலகத்திலேயே இரவல் பெற்றான்.

கடிதத்தின் இறுதியில் இன்னொரு செய்தியும் இருந்தது. 20 டொலருக்கு விற்க மனமில்லாமல் அந்தப் பொருளியல் நூலை அவன் தன் அறையிலேயே வைத்திருந்தானாம். அந்த ஆண்டு நம் நாட்டிலிருந்து அங்கு வந்த மாணவி ஒருத்திக்கு அதே பாடம். அவளை நூலகத்துக்கு அழைத்துச் சென்று இரு பதிப்புகளையும் பக்கம் பக்கமாக ஒப்பிட்டுக் காட்டி, தன் நூலை அவளுக்கு இரவலாகக் கொடுத்துவிட்டானாம். “ஐயா, அவளுக்கு அதன் மெய்யான விலை பூச்சியம்” என்று எழுதியிருந்தான்.