மார்கழியின் ஒரு நாளும் ஆண்டின் பிற ஏகாதசிகளும்



திங்கள்தோறும் வளர்பிறையில் ஒன்று, தேய்பிறையில் ஒன்று என ஏகாதசி இரு முறை வருகிறது. ஆண்டுக்கு இருபத்து நான்கு. அதிக மாதம் சேரும் ஆண்டில் இருபத்தாறு. இவற்றுள் ஒன்றை மட்டும் ‘பெரிய ஏகாதசி’ என்று ஏன் தனித்து அழைக்கிறோம்? உண்ணா நோன்பின் கடுமையில் விடை தேடுவோர் உண்டு. நோன்பு முறையோ எல்லா ஏகாதசிக்கும் ஒன்றே. பதினோராம் நாள் உணவு நீக்கி, பன்னிரண்டாம் நாள் துவாதசி கழியுமுன் அகத்திக்கீரையும் நெல்லிக்கனியும் சேர்த்துப் பாரணை செய்வது இரண்டிற்கும் பொது. இரவு கண்விழித்தலும் பெரிய ஏகாதசிக்கே உரிய விதியன்று. அன்று அதனைப் பலரும் கைக்கொள்கின்றனர், அவ்வளவே.

வேறுபாடு நாளைக் கணிக்கும் முறையில் இருக்கிறது. பிற ஏகாதசிகளுக்குச் சந்திரனின் கணக்கு ஒன்றே போதும். வைகுண்ட ஏகாதசிக்குச் சூரியனின் கணக்கும் வேண்டும். ஞாயிறு தனுர் ராசியில் நிற்கும் மார்கழியில் வரும் வளர்பிறை ஏகாதசியே அது. சந்திர மாதங்கள் பன்னிரண்டும் 354 நாளில் முடிய, சூரிய ஆண்டோ 365 நாள் கொள்கிறது. ஆகவே ஆண்டுதோறும் இந்நாள் ஏறத்தாழ பதினொரு நாள் முன்னே நகர்ந்து, மார்கழியின் எல்லையைத் தாண்டும்போது அடுத்த வளர்பிறைக்குத் தாவுகிறது. ஆங்கில நாட்காட்டியில் 2024ஆம் ஆண்டில் இந்நாளே இல்லாமற்போனதும், 2025இல் ஜனவரி 10, டிசம்பர் 30 என இருமுறை வந்ததும் இதனாலேயே.

வடநாட்டார் சந்திர மாதத்தின்படி மார்கசீர்ஷ வளர்பிறை ஏகாதசியை மோட்சதா என்றும், அடுத்த திங்களின் பௌஷ வளர்பிறை ஏகாதசியைப் புத்திரதா என்றும் வழங்குவர். நம் வைகுண்ட ஏகாதசி ஓராண்டு முன்னதாகவும், மற்றோராண்டு பின்னதாகவும் அமையும். மோட்சதா ஏகாதசியே வைகுண்ட ஏகாதசி என்று எழுதிவிடுவோர் இந்த இடத்தில்தான் தவறுகின்றனர்.

இனித் திருவரங்கத்திற்கு வருவோம். அங்கே இந்நாள் தனித்து நிற்பதன்று. இருபது நாள் விழாவின் நடுவில் அமைவது. முதல் பத்து நாள் பகல் பத்து. அர்ச்சுன மண்டபத்தில் நம்பெருமாள் எழுந்தருள, அரையர்கள் ஆழ்வார்களின் திருமொழிகளை அபிநயத்துடன் சேவிப்பர். பத்தாம் நாள் மோகினி அலங்காரம். மறுநாள் ஏகாதசி, அது இராப் பத்தின் முதல் நாள். விடியற்காலையில் இரத்தின அங்கி அணிந்த நம்பெருமாள் பரமபத வாசலைக் கடந்து ஆயிரங்கால் மண்டபத்திற்கு எழுந்தருள, அந்நாள் தொடங்கித் திருவாய்மொழி ஒலிக்கும். நம்மாழ்வார் மோட்சத்துடன் விழா நிறைவுறும். பிற ஏகாதசிகளில் அடைத்தே கிடக்கும் வாசல் இது. ஆகவே, பிற ஏகாதசி ஒரு திதி. இதுவோ ஒரு திருவிழாவின் திருப்புமுனை.

இவ்விரு தன்மையும் முரண்பட்டால் என் செய்வது? 2021-22இல் அந்நிலை நேர்ந்தது. மார்கழியின் வளர்பிறை ஏகாதசி 2022 ஜனவரி 13ஆம் நாள், மார்கழி 29இல் விழுந்தது. மறுநாள் தை பிறந்துவிடும். ஏகாதசியிலிருந்து நான்கைந்து நாளில் முழுமதி. அதனையொட்டியே தைப் புனர்பூசம். அப்புனர்பூசத்தில் திருவரங்கத்தில் தைத்தேர். தேருக்கான கொடியேற்றமோ அதற்குப் பல நாள் முன்னரே நிகழவேண்டும். அங்ஙனமாயின், பகல் பத்து முடியுமுன்னே தேர்விழா தொடங்கி, இராப் பத்தின் நடுவே தேர் ஓடவேண்டியிருக்கும். இரண்டு விழாவிற்கும் எழுந்தருளுபவர் ஒரே நம்பெருமாள் அல்லரோ! எனவே கோயில் மரபின்படி விழா ஒரு திங்கள் முன்னே கொணரப்பெற்றது. 2021 டிசம்பர் 14ஆம் நாள், கார்த்திகை மாதத்திலேயே, பரமபத வாசல் திறந்தது. பிற வைணவத் தலங்களிற் பெரும்பாலானவை ஜனவரி 13ஐயே கொண்டன.

இத்தகைய நிலை பத்தொன்பது ஆண்டுக்கொருமுறை வரும் என்பர். பத்தொன்பது சூரிய ஆண்டும் 235 சந்திர மாதமும் ஏறக்குறைய ஒத்துவருவதால், அதே திதி அதே சூரிய நாளையொட்டி மீள்கிறது என்பதே அதன் அடிப்படை. ஓரிரு நாள் வேறுபாடு நேரக்கூடும். ஆகவே ஆண்டை எண்ணிப் பார்ப்பதோடு நில்லாமல், ஏகாதசி மார்கழியின் கடைசி நாட்களில் விழுகிறதா, புனர்பூசம் தை பிறந்தபின் உடனே வருகிறதா என்று பஞ்சாங்கத்தில் நோக்கவேண்டும். 2025 ஜனவரி 10 மார்கழி 26ஆகும். அவ்வளவு நெருங்கியும் முழுமதி தை பிறக்குமுன் 13ஆம் நாளே வந்துவிட்டமையால், தைத்தேர் அடுத்த முழுமதிக்குச் சென்றது; திருவரங்கத்திலும் வாசல் உரிய நாளிலேயே திறந்தது.

இங்கே இல்லத்தார் மயங்கக்கூடிய இடம் ஒன்றுண்டு. 2021இல் முன்னே வந்தது விழா, திதி இடம்பெயரவில்லை. டிசம்பர் 14ஆம் நாளும் ஏகாதசி, ஜனவரி 13ஆம் நாளும் ஏகாதசி. டிசம்பரில் வாசல் வழியே சென்று தொழுதவரும் ஜனவரியில் நோன்பை விடுதற்கில்லை. அன்று திருவரங்கத்து வாசல் அடைத்திருந்தது. அவ்வூர் இல்லங்களிலோ, பிற ஏகாதசிகளைப் போலவே, அடுப்பில் உலை ஏறுதற்கு மறுநாள் துவாதசி வரவேண்டியிருந்தது.