ஸ்கேன் படம் கேட்டு ஒரு கடிதம்



ஒரு கடிதத்தின் கதையைக் கேளுங்கள். அதை எழுதியவர் புதுச்சேரியில் வசிப்பவர். வயது 58. மில்லில் வேலை பார்த்தவர். பள்ளிக்கூடம் போகாதவர். அறிவொளி வகுப்பில்தான் எழுதப் படித்தார்.

அவருக்குப் பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். 2024ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், இடுப்பில் வலி என்று மருத்துவமனைக்குப் போனார். வயிற்றில் ஸ்கேன் எடுத்தார்கள். இடது சிறுநீரகத்தில் ஒரு கட்டி தெரிந்தது. எலுமிச்சம்பழத்தைவிடச் சிறியது. குறுக்களவு மூன்றரை சென்டிமீட்டர்.

"இது புற்றுநோயாக இருக்கலாம். அந்தச் சிறுநீரகத்தையே எடுத்துவிட வேண்டும்" என்றார் டாக்டர்.

அவருக்குக் கை கால் ஓடவில்லை. சர்க்கரை நோய் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது அவருக்குத் தெரியும். ஒன்றை எடுத்த பிறகு மற்றது கெட்டுப்போனால் என்ன செய்வது? கட்டியை மட்டும் எடுக்க முடியாதா?

புதுச்சேரியில் பல குடும்பங்களுக்குப் பிரான்சு நாட்டில் உறவினர் உண்டு. இவருடைய மனைவியின் தம்பியும் அங்கேதான் இருக்கிறார். அவர் தொலைபேசியில் பேசினார்.

"மாமா, பயப்படாதீங்க. இங்கே தெரிந்த சிறுநீரக டாக்டர் இருக்கார். ஸ்கேனை அனுப்புங்க. அவரிடம் காட்டுறேன்."

உடனே மருத்துவமனை டாக்டரிடமே போய் இவர் ஒன்று கேட்டார். "ஐயா, இன்னொரு டாக்டரிடமும் கருத்துக் கேட்க நினைக்கிறேன். எத்தனை நாள் காத்திருக்கலாம்?" டாக்டர் கோபப்படவில்லை. "மூன்று வாரம் தாமதித்தால் ஆபத்தில்லை. அதற்கு மேல் தள்ளாதீர்கள்" என்றார். இது முதலில் கேட்க வேண்டிய கேள்வி. சில நோய்களில் ஒரு நாள்கூடக் காத்திருக்க முடியாது.

வீட்டில் ஸ்கேன் ரிப்போர்ட் இருந்தது. கறுப்பு ஃபிலிமும் இருந்தது. மகன் ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். கைபேசியில் போட்டோ எடுத்துப் பிரான்சுக்கு அனுப்பினான்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. "இதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. உண்மையான ஸ்கேன் படங்கள் வேண்டும்."

அப்படியானால் அனுப்பியது என்ன? அது ஸ்கேன் படம் இல்லையா?

ஒரு ரொட்டியைத் துண்டு துண்டாக வெட்டுவதை நினைத்துப் பாருங்கள். ஸ்கேன் இயந்திரமும் உடம்பை அப்படித்தான் படம் பிடிக்கிறது. மெல்லிய துண்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். வயிற்று ஸ்கேனில் இப்படிப் பல நூறு படங்கள் இருக்கும். அவற்றில் சிலவற்றை மட்டும் தேர்ந்தெடுத்துத்தான் ஃபிலிமில் அச்சிடுகிறார்கள். மீதி எல்லாம் மருத்துவமனைக் கணிப்பொறியில் இருக்கும்.

ரிப்போர்ட் என்பது என்ன? அது படங்களைப் பார்த்த டாக்டர் எழுதிய குறிப்பு. "இடது சிறுநீரகத்தில் மூன்றரை சென்டிமீட்டர் கட்டி" என்று அதில் இருந்தது. ஆனால் இவருடைய கேள்விக்கு அளவு மட்டும் போதாது. கட்டி ஓரத்தில் இருக்கிறதா? நடுவில், பெரிய ரத்தக் குழாய்க்குப் பக்கத்தில் இருக்கிறதா? ஓரத்தில் இருந்தால் கட்டியை மட்டும் எடுப்பது எளிது. நடுவில் இருந்தால் கடினம். இதை இன்னொரு டாக்டர் தானே பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. ஸ்கேன் எடுக்கும்போது கையில் ஊசி வழியாக மருந்து ஏற்றினார்கள். மருந்து ஏற்றும் முன் ஒரு முறை படம் எடுத்தார்கள். ஏற்றிய பின் மீண்டும் எடுத்தார்கள். இரண்டையும் ஒப்பிட்டால்தான் கட்டியின் தன்மை தெரியும். ஆகவே எல்லாப் படங்களும் வேண்டும்.

இவர் மருத்துவமனைக் கவுண்டருக்குப் போனார். "ரிப்போர்ட்தான் கொடுத்தாச்சே! இன்னும் என்ன?" என்று கேட்டார்கள். திரும்பி வந்தார். ஒரு தாளில், "ஐயா, என் ஸ்கேனைக் கொடுக்கவும்" என்று எழுதிக் கொண்டுபோனார். "எந்த ஸ்கேன்? என்றைக்கு எடுத்தது? நம்பர் என்ன?" என்று கேட்டார்கள். அதுவும் திரும்பி வந்தது.

அன்று இரவு பழைய தாள்களை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நிதானமாக எழுதினார். இதுதான் அந்தக் கடிதம். பெயர், முகவரி, எண்கள் மட்டும் இங்கே விடப்பட்டுள்ளன.

புதுச்சேரி,
19-2-2024.

பெறுநர்:
மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்கள்,
(மருத்துவமனையின் பெயர்)

பொருள்: ஸ்கேன் படங்கள், ரிப்போர்ட் ஆகியவற்றின் நகல் கேட்டல்.

ஐயா,

என் பெயர் ............ வயது 58. என் மருத்துவமனைப் பதிவு எண் ............

5-2-2024 அன்று தங்கள் மருத்துவமனையில் எனக்கு வயிற்றில் சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டது. ஸ்கேன் எண் ............ வெளிநாட்டில் உள்ள ஒரு டாக்டரிடம் இரண்டாவது கருத்துக் கேட்க விரும்புகிறேன். அதற்காகக் கீழே உள்ளவை தேவை.

1. அந்த ஸ்கேனின் எல்லாப் படங்களும். மருந்து ஏற்றும் முன் எடுத்தவை, பின் எடுத்தவை இரண்டும் வேண்டும். டைகாம் முறையில், தகட்டிலோ பென் டிரைவிலோ தர வேண்டுகிறேன்.
2. ஸ்கேன் ரிப்போர்ட்டின் நகல், டாக்டர் கையெழுத்துடன்.
3. என் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகளின் நகல்.

நகல் எடுக்கும் கட்டணத்தைச் செலுத்துகிறேன். என் ஆதார் அட்டை நகலை இணைத்துள்ளேன். இக்கடிதம் பெற்றதற்கு ஒப்புதல் தர வேண்டுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
(கையெழுத்து, தொலைபேசி எண்)

இந்தக் கடிதத்தில் வீண் சொல் இல்லை. பதிவு எண் எதற்கு? ஒரே பெயரில் பத்துப் பேர் இருப்பார்கள். எண் ஒருவருக்குத்தான். தேதி எதற்கு? ஒருவருக்கே மூன்று ஸ்கேன் எடுத்திருக்கலாம். எது என்று தெரிய வேண்டும். இந்த எண்ணும் தேதியும் ரிப்போர்ட்டின் மேல் பகுதியிலேயே அச்சாகியிருக்கும்.

"டைகாம்" என்பது ஸ்கேன் படங்களைச் சேமிக்கும் முறையின் பெயர். உலகம் முழுதும் மருத்துவமனைகளில் இதே முறைதான். இப்படித் தந்தால் டாக்டர் படத்தைப் பெரிதாக்கலாம். வெளிச்சத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். கட்டியை அளக்கலாம். சாதாரணப் போட்டோவாகத் தந்தால் இப்படிச் சரியாகச் செய்ய முடியாது.

கடிதத்தை அவர் இரண்டு பிரதி எழுதினார். ஒன்றைக் கொடுத்தார். மற்றதில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டார். ஏன்? 2002ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் விதி ஒன்று உள்ளது. நோயாளி தன் மருத்துவப் பதிவுகளைக் கேட்டால், 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று அது சொல்கிறது. 72 மணி என்றால் மூன்று நாள். என்று கேட்டோம் என்பதற்கு அந்த முத்திரைதான் சாட்சி.

நோயாளி படுக்கையில் இருந்தால் உறவினர் போகலாம். ஆனால், "என் மகனிடம் கொடுக்கச் சம்மதம்" என்று நோயாளி கையெழுத்திட்ட தாள் வேண்டும். நாள் கடத்தவும் கூடாது. உள்நோயாளியின் பதிவை மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பதே அந்த விதி. அதற்குப் பிறகு கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது.

மூன்றாம் நாள் கூப்பிட்டார்கள். கட்டணம் கட்டி ரசீது வாங்கினார். ஒரு தகடு கொடுத்தார்கள். சிடி என்று சொல்கிறோமே, அந்த வட்டத் தகடு.

அவர் அதை அப்படியே அனுப்பவில்லை. மகனுடன் ஒரு கணிப்பொறிக் கடைக்குப் போனார். தகட்டைத் திறந்து பார்க்கச் சொன்னார். DICOMDIR என்ற பெயர் திரையில் தெரிந்தது. இது டைகாம் முறைத் தகடு என்பதற்கு அடையாளம் அது. பெயர் சரியாக இருந்தது. வயது, தேதி சரியாக இருந்தன. ஆனால் மொத்தம் 40 படங்களே இருந்தன! மருந்து ஏற்றும் முன் எடுத்தவை ஒன்றுகூட இல்லை.

மறுநாள் காலை மருத்துவமனைக்குப் போனார். முத்திரை வைத்த பிரதியைக் காட்டினார். "ஐயா, எல்லாப் படங்களும் என்று எழுதியிருக்கிறேன். பாருங்கள்" என்றார். பதிவு அறை ஊழியர் படித்துப் பார்த்தார். "முக்கியமான படங்களை மட்டும் போட்டுவிட்டோம் போல" என்று சொல்லி வேறு தகடு போட்டுக் கொடுத்தார். அதில் 600க்கும் மேல் படங்கள் இருந்தன.

கணிப்பொறிக் கடையிலிருந்தே இணையம் வழியாகப் படங்களை அனுப்பினார்கள். தகட்டை வீட்டில் பத்திரமாக வைத்துக்கொண்டார். படங்களோடு ஒரே ஒரு கேள்வியையும் அனுப்பினார். "எனக்குப் பத்து ஆண்டாகச் சர்க்கரை நோய். கட்டியை மட்டும் எடுத்துச் சிறுநீரகத்தைக் காப்பாற்ற முடியுமா?" மைத்துனர் அதைப் பிரெஞ்சு மொழியில் எழுதிக் கொடுத்தார்.

ஒரு வாரத்தில் பதில் வந்தது. கட்டி சிறுநீரகத்தின் வெளி ஓரத்தில் இருக்கிறது. அதை மட்டும் எடுக்க முடியும் என்று தோன்றுகிறது. பழக்கம் உள்ள அறுவை டாக்டர் செய்ய வேண்டும். நேரில் பரிசோதிக்கும் டாக்டரே முடிவு சொல்ல வேண்டும்.

கடைசி வரியைக் கவனியுங்கள். தூரத்து டாக்டர் பார்த்தது படத்தைத்தான், ஆளை அல்ல. நாடி பிடிக்கவில்லை. ரத்த அழுத்தம் பார்க்கவில்லை. ஆகவே அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு இவர் தம் டாக்டரிடமே போனார்.

டாக்டர் பதிலைப் படித்தார். படங்களைத் திரும்பவும் பார்த்தார். "அவர் சொல்வது சரி. கட்டியை மட்டும் எடுக்கும் அறுவை இங்கே செய்வதில்லை. செய்யும் இடத்துக்கு எழுதித் தருகிறேன்" என்றார்.

மூன்று வாரக் கெடு முடிய இன்னும் இரண்டு நாள் இருந்தது.

ஏப்ரல் மாதம் அவர் வீடு திரும்பினார். இடது சிறுநீரகத்தின் பெரும்பகுதி அவரிடமே இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் ரிப்போர்ட்டோடு படத் தகட்டையும் கேட்டு வாங்குகிறார். பழைய படத்தோடு புதிய படத்தை ஒப்பிட்டால்தான் கட்டி திரும்ப வருகிறதா என்று டாக்டருக்குத் தெரியும்.

தகடுகள் எல்லாம் ஒரு தகரப் பெட்டியில் இருக்கின்றன. அவற்றின் மேலே அந்தக் கடிதத்தின் பிரதி இருக்கிறது. முத்திரை இன்னும் அழியவில்லை.