திரும்ப அழைத்த தலைவர்



பெரம்பலூர், அரியலூர் பக்கத்துக் கபடி ஆட்டங்களில் நாம் பார்ப்பதுதான் இது. பாடி வந்தவரின் விரல் நம் சட்டையில் உரசிவிடும். நடுவர் கண்ணுக்கு அது தப்பிவிடும். நாம் ஒருவர்தான் அறிவோம். சொல்வோமா?

கிரிக்கெட்டில் அப்படி ஒரு நேரம் ஜி. ஆர். விஸ்வநாத்துக்கு வந்தது. 1980 பிப்ரவரியில், பம்பாய் வான்கடே மைதானத்தில் நடந்த பொன்விழா டெஸ்ட்டில் இந்திய அணித் தலைவர் அவர். இங்கிலாந்து 58 ஓட்டங்களுக்கு 5 பேரை இழந்து தடுமாறிய வேளையில், போத்தமுடன் பாப் டெய்லர் சேர்ந்தார். பிறகு கபில்தேவ் வீசிய ஒரு பந்தில் டெய்லர் விக்கெட் கீப்பரிடம் பிடி கொடுத்ததாக நடுவர் அவுட் கொடுத்துவிட்டார். டெய்லர் தயங்கி நின்றார். ஸ்லிப்பில் நின்ற விஸ்வநாத்துக்கோ, பந்து மட்டையில் படவில்லை என்று தெரிந்தது. நடுவர் சம்மதித்தால் தலைவர் தம் முறையீட்டைத் திரும்பப் பெற விதியில் இடமுண்டு. விஸ்வநாத் நடுவரிடம் போய்ப் பேசினார். டெய்லர் மீண்டும் ஆட வந்தார்.

அதற்கு விலையும் இருந்தது. டெய்லர் 43 எடுத்தார், போத்தம் 114. இருவரும் சேர்த்தது 171. இந்தியா 10 விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. போத்தம் 13 விக்கெட்டும் வீழ்த்தினார். எனவே அந்த ஒரு முடிவால்தான் தோற்றோம் என்று நாம் சொல்லிவிட முடியாது. ஆனால் டெய்லரைத் திரும்ப அழைத்தபோது, ஆட்டம் எப்படி முடியும் என்று விஸ்வநாத்துக்குத் தெரியாது. பந்து படவில்லை என்பது மட்டும் தெரியும்.