அடியைத் தொடாமல் அளக்கும் உயரம்

கனகசெட்டிக்குளத்துச் சமதரையில், வேலிக்குள் நிற்கும் ஒரு செல்போன் கோபுரத்தின் உயரத்தை அறிய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வேலி தடுப்பதால் கோபுரத்தின் அடிவரை நாடா பிடிக்க முடியாது. அதனால்தான் இரண்டு இடங்களில் நின்று அளக்கிறோம்.

பாகைமானியில் நூலும் சிறு எடையும் கட்டி உச்சியைப் பாருங்கள். ஏற்றக்கோணம் 45 டிகிரி வரும் இடத்தில், கோபுரம் இருக்கும் தொலைவும் கண்மட்டத்துக்கு மேலுள்ள உயரமும் சமம். அதே நேர்கோட்டில் பின்னால் போங்கள். 30 டிகிரி வரும் இடத்தில், தொலைவு அந்த உயரத்தைப் போல 1.732 மடங்கு. ஆக, நீங்கள் பின்னால் நடந்தது உயரத்தில் 0.732 பங்கு. நடந்தது 30 மீட்டர் என்றால், 0.732-ஆல் வகுக்க 41 மீட்டர். கண்ணின் உயரம் ஒன்றரை மீட்டரைக் கூட்டினால் 42.5. பலரும் மறப்பது இந்த ஒன்றரையைத்தான்.

அதைவிடப் பெரிய பிழை, இரண்டு இடங்களையும் நெருக்கமாக வைப்பது. மேலே சொன்ன கணக்கில் 30 டிகிரியை 31 என்று படித்தால் உயரம் 4 மீட்டர் கூடும். ஐந்தே மீட்டர் பின்னால் போய் அதே ஒரு டிகிரி தவறினால், 41 மீட்டர் கிட்டத்தட்ட 60 ஆகிவிடும். வெயிலைப் பாராமல் இன்னும் தள்ளிப் போய் அளந்துவிடுங்கள்.