வாடகையைப் பேசும் முன் ஆண்டுகளைப் பேசுங்கள்

(சிறுதொழில் வழிகாட்டிக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



கடை வைக்க வட்டியில்லாக் கடன் கேட்டு நம் அறக்கட்டளைக்கு வருபவர்களில் சலூன் வைக்க விரும்பும் தம்பிமார்களும், பார்லர் வைக்க விரும்பும் சகோதரிகளும் இருக்கிறார்கள். அவர்களிடம் நாம் முதலில் கேட்பது, “கடையை எத்தனை வருடத்துக்குப் பேசியிருக்கிறீர்கள்?” என்பதைத்தான். பெரும்பாலும் வரும் பதில், “வாடகை இவ்வளவு, அட்வான்ஸ் இவ்வளவு” என்பதாகவே இருக்கிறது. வருடக் கணக்கு யாருக்கும் நினைவில் இல்லை. பஜார் தெருவில் சலூன் வைப்பவருக்கு நஷ்டம் வருவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். அதைப் பற்றி மட்டும் இன்று பேசுவோம்.

துணிக்கடையோ செருப்புக்கடையோ காலி செய்தால் சரக்கை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடலாம். சலூன் அப்படியல்ல. தண்ணீர்க் குழாய், தலை அலசும் பேசினுக்கான கழிவுநீர்க் குழாய், தரை டைல்ஸ், சுவருக்குள் போகும் வயரிங், சீலிங் வேலை, கண்ணாடிக் கதவு எல்லாம் கட்டடத்தோடு சேர்ந்துவிடும். சேர், முகக்கண்ணாடி, ஏசி ஆகியவற்றை மட்டுமே கழற்றி எடுக்கலாம். அதனால் எடுத்துச் செல்ல முடியாத செலவை எத்தனை மாதத்துக்குள் திரும்பச் சம்பாதிக்க முடியும் என்பதுதான் முதல் கேள்வி. வாடகைத் தொகை அதற்குப் பிறகுதான்.

அண்மையில் நம்மிடம் வந்த ஒரு தம்பியின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். வெளிநாட்டில் முடிதிருத்தும் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். பஜாரில் பத்தடி அகலம், பதினான்கு அடி நீளத்தில் ஒரு கடை பார்த்தார். உரிமையாளர் கேட்டது மாத வாடகை 18,000 ரூபாய், அட்வான்ஸ் 2 லட்சம். வழக்கமான பதினொரு மாத ஒப்பந்தம், புதுப்பிக்கும்போது பத்து சதவீதம் கூடுதல் என்றார்.

கடைக்குள் செய்ய வேண்டிய வேலைகளில் கழற்ற முடியாதவை மட்டும் 1,60,000 ரூபாய் வந்தது. இதைப் பதினொரு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 14,500 ரூபாய்க்கு மேல் ஆகிறது. வாடகையோடு சேர்த்தால் அந்தக் கடை உண்மையில் மாதம் 32,500 ரூபாய்க் கடை. அதே செலவை மூன்று ஆண்டுகளுக்கு, அதாவது 36 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 4,444 ரூபாய்தான். வாடகையில் ஆயிரம் இரண்டாயிரம் குறைக்க மணிக்கணக்கில் பேசுகிறோம். பதினொரு மாதத்தை 36 மாதமாக்கினால் மாதம் பத்தாயிரம் குறைகிறது.

அடுத்தது, கடை எவ்வளவு வாடகையைத் தாங்கும் என்ற கணக்கு. அந்தத் தம்பி இரண்டு சேரோடு தொடங்குகிறார். ஒன்றில் அவர், மற்றொன்றில் ஒரு தொழிலாளி. வாரத்தில் ஒரு நாள் விடுமுறை போக மாதம் 26 நாள். ஒரு சேருக்கு நாளைக்கு ஒன்பது பேர், ஆளுக்குச் சராசரி 150 ரூபாய் என்று வைத்தால் ஒரு சேர் 35,100 ரூபாய் தரும். இரண்டாவது சேரில் பாதி தொழிலாளியின் பங்கு. ஆகக் கடைக்கு நிற்பது 52,650 ரூபாய். மின்சாரம், பிளேடு, டவல், கிரீம் முதலியவற்றுக்கு 9,000 போனால் 43,650. அவர் குடும்பச் செலவு 25,000. மீதி 18,650 ரூபாய். கேட்ட வாடகையைக் கொடுத்தால் கையில் 650 ரூபாய் மிஞ்சும். 14,000 கொடுத்தால் 4,650 மிஞ்சும். மூன்றாண்டுக்குப் பிரித்த உள்வேலைச் செலவு 4,444 ரூபாயை அது சரியாக ஈடுகட்டுகிறது. எனவே அவருடைய எல்லை 14,000 ரூபாய், அதுவும் மூன்றாண்டு கிடைத்தால் மட்டுமே. இந்த எண்ணைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டுதான் பேசப் போக வேண்டும்.

ஆனால் உரிமையாளர் ஏன் இறங்கி வர வேண்டும்? அவருக்கும் ஒரு கணக்கு உண்டு. பக்கத்துக் கடைக்காரர்களிடம் விசாரித்ததில் அந்த ஷட்டர் நான்கு மாதமாக மூடிக் கிடப்பது தெரிந்தது. மாதம் 18,000 வீதம் 72,000 ரூபாய் அவருக்கு ஏற்கனவே போய்விட்டது. வாடகையில் 4,000 குறைத்தால் அந்த அளவு நஷ்டம் வர அவருக்குப் பதினெட்டு மாதம் ஆகும். கடை எத்தனை நாள் பூட்டிக் கிடக்கிறது, முன்பு இருந்தவர் என்ன கொடுத்தார், ஏன் போனார் என்ற மூன்றையும் விசாரிக்காமல் பேசப் போகாதீர்கள். முன்பிருந்தவர் தண்ணீர் வராததால் போயிருந்தால், அது வாடகையைக் குறைக்கும் காரணமல்ல. அந்தக் கடையை விட்டுவிடுவதற்கான காரணம்.

பேச்சு இப்படி முடிந்தது. முதலாண்டு வாடகை 14,000, இரண்டாம் ஆண்டு 15,000, மூன்றாம் ஆண்டு 16,000. சதவீதம் வேண்டாம், தொகையாகவே எழுதுவோம் என்றோம். உள்வேலை நடக்கும் முதல் மாதத்துக்கு வாடகை இல்லை. அட்வான்ஸ் ஒன்றரை லட்சம். பதிலுக்குத் தம்பியும் விட்டுக்கொடுத்தார். பழுதான ஷட்டரைத் தன் செலவில் சரிசெய்வதாகவும், ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதிக்குள் வங்கிக் கணக்கில் வாடகை செலுத்துவதாகவும், முதல் ஒரு வருடம் காலி செய்வதில்லை என்றும் ஒப்புக்கொண்டார். அதன் பிறகு தொழில் நடக்காவிட்டால் இரண்டு மாத முன்னறிவிப்போடு அவர் வெளியேறலாம். உரிமையாளரோ மூன்றாண்டு முழுவதும் கட்டுப்பட்டவர். இந்த வேறுபாடு முக்கியம். செலவு செய்திருப்பவர் வாடகைதாரர் என்பதால்தான் அதைக் கேட்கிறோம்.

உரிமையாளர் நடுவில் கடையைத் திரும்பக் கேட்டால்? அதற்கும் ஒரு வரி எழுதப்பட்டது. 1,60,000 ரூபாயை 36 ஆல் வகுத்து, மீதமுள்ள மாதங்களால் பெருக்கி வரும் தொகையை அவர் தர வேண்டும். இருபது மாதம் முடிந்து கேட்டால் பதினாறு மாதத்துக்குரிய 71,000 ரூபாய்க்குச் சற்று மேல். அதற்காக வேலை முடிந்ததும் பில்களின் நகலை உரிமையாளரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். கட்டடத்தோடு விட்டுச் செல்பவை எவை, கழற்றிச் செல்பவை எவை என்று இரண்டு பட்டியல்களையும் ஒப்பந்தத்தோடு இணைக்க வேண்டும். காலி செய்யும் நாளில் “சுவரில் ஓட்டை போட்டாய்” என்று அட்வான்ஸில் பிடித்துக்கொள்ளும் தகராறு பெரும்பாலும் இந்தப் பட்டியல் இல்லாததால்தான் வருகிறது.

தண்ணீரையும் கரண்டையும் கையெழுத்துக்கு முன் நேரில் பாருங்கள். கூட்டம் அதிகமாக இருக்கும் மாலை ஏழு மணிக்குப் போய்க் குழாயைத் திறந்து பாருங்கள். ஒரு வாளி தண்ணீரைக் கழிவுக் குழாயில் ஊற்றி, அது தேங்காமல் இறங்குகிறதா என்று கவனியுங்கள். முடி போய் அடைத்தால் மாடியில் இருப்பவர் வரை சண்டைக்கு வருவார். பேசினுக்குக் கீழே முடி தடுக்கும் வலைக்கூடை வைப்பது உங்கள் பொறுப்பு, பொதுக் குழாயைச் சுத்தம் செய்வது உரிமையாளர் பொறுப்பு என்று எழுதிக்கொள்ளுங்கள். மின்சாரத்தில், கடைக்குத் தனி மீட்டர் உண்டா, அது வணிக இணைப்பா என்று பாருங்கள். வீட்டு இணைப்பிலிருந்து கம்பி இழுத்துக் கடை நடத்துவது மின்வாரிய விதிக்கு எதிரானது. ஏசி, ஹேர் டிரையர், ஹீட்டர் மூன்றும் ஒன்றாக ஓடினால் ஐந்து கிலோவாட் வரை இழுக்கும். அனுமதிக்கப்பட்ட மின்பளு அதைவிடக் குறைவாக இருந்தால், கூட்டித் தரும் விண்ணப்பத்தில் உரிமையாளர் கையெழுத்திடுவார் என்பதும் ஒப்பந்தத்தில் வர வேண்டும். உள்ளாட்சியில் தொழில் உரிமம் எடுக்கவும் அவருடைய ஒத்துழைப்பு தேவைப்படும்.

கடைசியாக, பதிவு. இங்கேதான் பலர் மொத்தத்தையும் இழக்கிறார்கள். மூன்றாண்டு என்று பேசிவிட்டு, வெறும் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியப்பட வேண்டும். பதியாவிட்டால் அந்த மூன்றாண்டை நீதிமன்றத்தில் நிலைநாட்ட முடியாது. பதினொரு மாத ஒப்பந்தம் வழக்கத்துக்கு வந்ததே இந்தப் பதிவைத் தவிர்க்கத்தான். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே விசாரித்து, யார் கட்டுவது என்பதையும் பேச்சிலேயே முடித்துக்கொள்ளுங்கள். பாதிப் பாதி என்பது நியாயமான முடிவு.

இதைத் தவிர, தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் உள்ள நில உரிமையாளர், வாடகைதாரர் சட்டம் எழுத்து மூலமான ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கி, அதை வாடகை அதிகாரியிடம் பதியச் சொல்கிறது. அதற்கான இணையதளம் tenancy.tn.gov.in. வேறு விதமாக எழுதிக்கொள்ளாத வரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்றும், காலி செய்த ஒரு மாதத்துக்குள் பாக்கி போக மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. “வேறு விதமாக எழுதிக்கொள்ளாத வரை” என்பதைக் கவனியுங்கள். பத்து மாத அட்வான்ஸுக்கு நீங்களே கையெழுத்திட்டுவிட்டால், பிறகு சட்டத்தைக் காட்டிப் பயனில்லை. வக்ஃபு வாரியத்துக்கு உட்பட்ட கடைகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அவற்றுக்கு வக்ஃபு குத்தகை விதிகள் தனியாக உள்ளன. பள்ளிவாசல் கடையைக் கேட்பவர்கள் முத்தவல்லியின் வாய்ச்சொல்லோடு நிற்காமல் அந்த விதிகளைக் கேட்டு நடந்துகொள்ள வேண்டும்.

“தெரிந்தவர், நம்மவர், எழுத்து எதற்கு?” என்று சிலர் கேட்கிறார்கள். கொடுக்கல் வாங்கலைத் தவணையோடு எழுதிக்கொள்ளச் சொல்லும் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் தெரிந்தவர், தெரியாதவர் என்று பிரிக்கவில்லை. உரிமையாளர் நல்லவராகவே இருக்கலாம். அவர் மவுத்தாகிவிட்டால் அடுத்த மாதம் வாடகை வாங்க வருபவர்கள் அவருடைய பிள்ளைகள். உங்களிடம் அவர் என்ன சொன்னார் என்பது அவர்களுக்குத் தெரியாது.

கடை பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்கும் முன்பாக, ஒப்பந்த வரைவோடு நம் அலுவலகத்துக்கு வாருங்கள். சேர்க் கணக்கையும் உள்வேலைக் கணக்கையும் உட்கார்ந்து போட்டுப் பார்ப்போம். டோக்கன் பணம் கொடுத்த பிறகு வந்தால் நம்மால் செய்யக் கூடியது குறைவு.