அண்டா நிறைய மாவு

'சிறுகதையில் முரண்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இலக்கணம் சொல்ல எனக்குப் பின்னால் பேராசிரியர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் ஒரு கதையைச் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறேன்.

தென்காசிப் பக்கம் ஒரு சின்னப் பேருந்து நிலையம். ஆடி மாதச் சாரல். இரவு பத்தே முக்கால் மணி. கேண்டீன் அண்ணாச்சி கல்லாவில் சில்லறை எண்ணிக்கொண்டிருக்கிறார். மாஸ்டர் தோசைக்கல்லைக் கழுவியாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து ஒரு சுற்றுலாப் பேருந்து உள்ளே நுழைகிறது. கரூர்க்காரர்கள், 52 பேர். குற்றாலத்தில் குளித்துவிட்டு வருகிற வழியில் டயர் பஞ்சர். சாப்பாடு சொல்லிவைத்த ஓட்டலும் அடைத்துவிட்டது. அருவியில் குளித்தவன் பசி உங்களுக்குத் தெரியும். இலையையும் சேர்த்துத் தின்பான்.

"எல்லாருக்கும் தோசை ஊத்திருங்க" என்கிறார் கூட்டிவந்தவர்.

"மாவு இல்லையே" என்கிறார் அண்ணாச்சி.

இங்கேதான் ஐயா முரண்! அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு பெரிய அண்டா. விளிம்புக்கு நாலு விரல் கீழே வரைக்கும் வெள்ளை வெளேரென்று மாவு. கூட்டத்துக்கு அது நன்றாகத் தெரிகிறது. "ஏனுங்க, அண்டா நெறைய மாவ வெச்சுக்கிட்டு இல்லைங்கறீங்களே, நாங்க காசு குடுக்க மாட்டமுங்களா?" குரல்கள் உயர்கின்றன.

அண்ணாச்சி கோபப்படவில்லை. ஒரு கரண்டி மாவை எடுத்துக் கூட்டிவந்தவர் மூக்குக்கு நேரே நீட்டுகிறார். "மோந்து பாருங்க. புளிச்ச வாடை வருதா? சாயங்காலம் ஆட்டுன மாவு. இந்தக் குளிருக்கு விடிஞ்சாத்தான் பொங்கும். இப்ப ஊத்துனா கல்லுல ஒட்டும், இட்லி அவிச்சா பல்லுல ஒட்டும்."

அந்த மாவுக்குச் சொந்தக்காரர்கள் வேறு இருந்தார்கள் என்பதையும் நான் சொல்ல வேண்டும். விடியற்காலை நாலரை மணிக்கு முதல் வண்டி எடுக்கிற டிரைவர்களும் கண்டக்டர்களும் அந்த இட்லியை நம்பித்தான் டூட்டிக்கு வருகிறார்கள். தோசைக் கணக்கும் அண்ணாச்சி மனசில் ஓடியது. கல்லில் ஒரு தடவைக்கு நாலு தோசை, மூன்று நிமிஷம். ஆளுக்கு ரெண்டு என்றால் 104 தோசை. 26 தடவை ஊற்ற வேண்டும். கடைசி ஆள் சாப்பிடும்போது முதல் ஆளுக்கு மறுபடி பசித்திருக்கும்.

"ரவை உப்புமா. அரை மணி நேரம். பிள்ளைகளுக்கு மட்டும் இப்பவே வாழைப்பழமும் பாலும்" என்றார். உப்புமா என்றதும் பாதிப் பேர் முகம் சுண்டியது. வாஸ்தவம்தான், நம் ஊரில் அந்தப் பண்டத்துக்கு இருக்கிற கெட்ட பெயர் யாருக்கும் இல்லை.

ரவை நாலு கிலோ. மொத்தமாகப் போடலாம் என்றார் மாஸ்டர். அண்ணாச்சி ஒத்துக்கொள்ளவில்லை. நாலு கிலோவை ஒரே சட்டியில் கிண்டக் கை போகாது, நடுவில் கட்டி விழும், உள்ளே வேகாத ரவை வெள்ளையாக நிற்கும். இரண்டாகப் பிரித்து, ரவையை முதலில் வாசம் வர வறுத்து, டம்ளருக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர் கொதிக்கவைத்து, ஒருவர் தூவ ஒருவர் கிண்டினார்கள். அப்புறம் தீயைக் குறைத்து மூடினார்கள். பெஞ்சில் ஒரு பந்திக்கு இருபது பேர்தான் உட்கார முடியும். முதல் சட்டி காலியாகிற நேரத்துக்கு இரண்டாவது சட்டி இறங்கிவிடும்.

தொட்டுக்கொள்ள? தேங்காய் ஒரு மூடிதான் இருந்தது. சாம்பாரில் தண்ணீர் ஊற்றிப் பெருக்குகிற ஆளில்லை அண்ணாச்சி. கூடையிலிருந்த வெங்காயம் அத்தனையையும் நறுக்கி வதக்கி, கொஞ்சம் தக்காளி, பச்சை மிளகாய், மஞ்சள். கால் கிலோ கடலை மாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து ஊற்றினார். ஐந்து லிட்டர் பாம்பே சட்னி! பச்சை வாடை போகக் கொதிக்கவிட்டு, ரசத்தைவிடக் கொஞ்சம்தான் கெட்டி என்கிற பதத்திலேயே இறக்கிவிட்டார். "இதென்ன, தண்ணியா இருக்கு?" என்றார் மாஸ்டர். "மூணாம் பந்திக்குள்ள இறுகிரும், பாரும்வே."

பாம்பே சட்னி இலையில் விழுந்த பிறகு உப்புமாவைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. முகம் சுண்டியவர்கள்தான் இரண்டாம் தடவை கேட்டார்கள். பன்னிரண்டுக்கு முன்னால் வண்டி கிளம்பிவிட்டது. கணக்கு முடித்தபோது, வாழைப்பழத்துக்குக் காசு வேண்டாம் என்றார் அண்ணாச்சி. பாலுக்கு வாங்கிக்கொண்டார்.

விடியற்காலை நாலரை. மாவு பொங்கி நிற்கிறது, இட்லி பஞ்சாக வந்திருக்கிறது. முதல் வண்டிக் கண்டக்டர் சாம்பாரைக் கரண்டியால் ஒரு சுற்றுச் சுற்றித் தேடுகிறார்.

"என்ன அண்ணாச்சி, சாம்பார்ல வெங்காயத்தையே காணோம்?"

"கரூருக்குப் போயிட்டுவே."